20 பேர் ஏலச் சீட்டு: பேரேட்டுக்கும் வங்கி இருப்புக்கும் 1,150 ரூபாய் வித்தியாசம்

குடந்தை_செல்வி

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு சிறிய, பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு முன் இருந்தவர் எல்லாவற்றையும் பெரிய பேரேட்டில் கையால் எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். அதையெல்லாம் இப்போது கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு குரூப்பில் மட்டும் கணக்கு இடிக்கிறது.

குரூப் விவரம் இது. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 டிக்கெட், 20 மாதம், தவணை 5,000. கமிஷன் 5 சதவீதம். முதல் மாதம் ஏலம் கிடையாது, முழு ஒரு லட்சமும் கம்பெனிச் சீட்டாக ஃபோர்மேனுக்குப் போய்விட்டது. இரண்டாம் மாத ஏலத்தில் 30,000 தள்ளி எடுத்தார்கள். அடுத்தடுத்து 28,000, 27,000, 25,000, இந்த மாதம் 24,000. ஏலம் மாதா மாதம் 10ஆம் தேதி. பணம் கட்ட 20ஆம் தேதி வரை நேரம்.

ஆறாம் மாதம் 18ஆம் தேதி நிலவரப்படி, பேரேட்டில் வரவு என்று எழுதியிருப்பதையெல்லாம் கூட்டினால் 4,98,100 வருகிறது. சீட்டு எடுத்தவர்களுக்குக் கொடுத்ததும் நாங்கள் எடுத்த கமிஷனும் சேர்த்து 4,91,000. மீதி 7,100 இருக்க வேண்டும். இந்தக் குரூப்புக்கென்று தனி வங்கிக் கணக்கு இருக்கிறது, அதில் 8,250 இருக்கிறது.

1,150 கூடுதல். முதலாளி, "குறைந்தால்தானே கவலை, கூடுதல்தானே, விடு" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கே தேடுவது?

பின்னலாடை

அக்கா, நான் திருப்பூர். கடைக்காரர்கள் 12 பேர் சேர்ந்து போடும் சீட்டுக்குப் பல வருடமாக நான்தான் கணக்கு. நீங்கள் 1,150ஐத் தேடுகிறீர்கள். எனக்கு அந்த 7,100ஏ புரியவில்லை. ஏலச் சீட்டில் எடுத்தவருக்கும் கமிஷனுக்கும் போக மீதியைத்தானே கசராக எல்லோருக்கும் பிரித்துக் கழிக்கிறோம்? அப்படியானால் வசூலான பணம் மொத்தமும் வெளியே போயிருக்க வேண்டும். பெட்டியில் சுழி. எங்கள் சீட்டில் அப்படித்தான் வரும். இருப்பு என்று ஒன்று நின்றாலே ஏதோ தவறு.

தஞ்சை_ஃபோர்மேன்

பின்னலாடை தம்பி சொல்வது அவருடைய சீட்டுக்குச் சரி. செல்வியின் சீட்டுக்குப் பொருந்தாது.

கசரைக் கழிக்கும் முறை இரண்டு இருக்கிறது. ஒன்று, ஏலம் முடிந்த கையோடு அந்த மாதத் தவணையிலேயே கழித்துக் கட்டுவது. கடைத்தெருச் சீட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான், எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதால் ஏலம் முடிந்த மறுநாளே வசூல் நடக்கும். அதில் மாதக் கடைசியில் பெட்டி காலியாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, இந்த மாத ஏலத்தின் கசரை அடுத்த மாதத் தவணையில் கழிப்பது. நான் வேலை பார்த்த நிறுவனங்களில் இதுதான் வழக்கம்.

செல்வி, உங்கள் குரூப் இரண்டாவது வகை என்றுதான் தோன்றுகிறது. இரண்டாம் மாதத் தவணை முழு 5,000 வாங்கியிருக்கிறீர்களா, 3,750 வாங்கியிருக்கிறீர்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். யார் யார் பாக்கி என்பதும் தெரிய வேண்டும்.

குடந்தை_செல்வி

முழு 5,000 வாங்கியிருக்கிறது ஐயா. மூன்றாம் மாதம்தான் 3,750. அப்புறம் 3,850, 3,900, இந்த மாதம் 4,000.

பாக்கி இரண்டு டிக்கெட். 9ஆம் எண் இந்த மாதம் 4,000 இன்னும் கட்டவில்லை, 20ஆம் தேதிக்குள் கட்டிவிடுவார். 17ஆம் எண் போன மாதம் 3,900, இந்த மாதம் 4,000, ஆக 7,900. இவர் மூன்றாம் மாதமே சீட்டை எடுத்தவர். இரண்டும் சேர்த்து 11,900.

தஞ்சை_ஃபோர்மேன்

நல்லது. இப்போது ஒரு சோதனை சொல்கிறேன். இந்த வகைச் சீட்டில் எந்த மாதமும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

ஆறு மாதத்தில் ஒரு டிக்கெட் கட்ட வேண்டியது 5,000, 5,000, 3,750, 3,850, 3,900, 4,000. மொத்தம் 25,500. 20 டிக்கெட்டுக்கு 5,10,000. வெளியே போக வேண்டியது நீங்கள் சொன்ன 4,91,000. ஒருவர் விடாமல் கட்டியிருந்தால் கையில் 19,000 நின்றிருக்கும்.

அந்த 19,000 யாருடையது? இந்த மாதம் 24,000 தள்ளினார்கள். கமிஷன் 5,000 போக 19,000. தலைக்கு 950 என்று அடுத்த மாதம் கழிக்கப் போகிறீர்களே, அதே பணம். இந்த மாதம் முழுக்க அது உங்கள் கையில் தங்கியிருக்கும். கம்பெனியின் பணம் என்று அதைத் தொட்டால் அடுத்த மாதம் சீட்டு எடுப்பவருக்குக் கொடுக்க முடியாமல் திண்டாட வேண்டி வரும்.

ஆக, கை இருப்பும் பாக்கியும் சேர்ந்தால் இன்னும் கழிக்காத கசருக்குச் சமமாக இருக்க வேண்டும். உங்கள் பேரேட்டுப்படி 7,100 கூட்டல் 11,900, அது 19,000. பேரேடு தன் அளவில் சரியாகத்தான் இருக்கிறது. வங்கியில்தான் 1,150 கூடுதல்.

அந்தத் தொகையைக் கவனியுங்கள். மூன்றாம் மாதம் 28,000 தள்ளினார்கள். 5,000 போக 23,000, அதை 20ஆல் வகுத்தால் 1,150. நான்காம் மாதத் தவணையில் கழிய வேண்டிய கசர் அது. யாரோ ஒருவர் நான்காம் மாதத்துக்குக் கசர் கழிக்காமல் முழு 5,000 கட்டியிருக்கிறார், பேரேட்டில் 3,850 என்று எழுதியிருக்கிறார்கள். நான்காம் மாத ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையை எடுத்துப் பாருங்கள். தாமதமாகக் கட்டியவர் யார் என்று முதலில் தேடுங்கள்.

சேலம்_மாங்கனி

இதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. சீட்டுக் கம்பெனிகள் இப்படித்தான் ஆயிரம், இரண்டாயிரம் என்று கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். என் கதையைக் கேளுங்கள். நண்பன் ஒருவன் சீட்டை மூன்றாவது மாதமே தள்ளி எடுத்தான், நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். சில மாதம் கட்டிவிட்டு நிறுத்திவிட்டான். கம்பெனியில் கேட்டது அவன் விட்ட இரண்டு தவணையை அல்ல, இன்னும் வராத மாதங்களுக்கும் சேர்த்து மொத்தமாகக் கேட்டு எனக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். வராத மாதத்துக்கு எப்படிப் பணம் கேட்கலாம்? இது அநியாயம் இல்லையா?

தஞ்சை_ஃபோர்மேன்

மாங்கனி சார், உங்கள் வருத்தம் புரிகிறது. செல்வி கேட்பது வேறு. கூடுதல் பணம் யாருடையது என்று கண்டுபிடித்துச் சேர்க்கத்தான் அவர் தேடுகிறார்.

ஆனாலும் உங்கள் விஷயம் இந்தக் குரூப்பின் 17ஆம் எண்ணுக்கு அப்படியே பொருந்துகிறது, அதனால் சொல்கிறேன். சீட்டை எடுக்காதவர் தவணை விட்டால் அவர் போட்ட பணம் நிறுவனத்திடம்தான் இருக்கிறது. எடுத்தவர் விட்டால் மற்றவர்கள் பணம் அவர் கையில் இருக்கிறது. அதனால்தான் 1982ஆம் ஆண்டு சிட் ஃபண்டு சட்டம், எடுத்தவர் தவணை தவறினால் மீதித் தவணைகள் அனைத்தையும் ஒன்றாகக் கேட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப ஃபோர்மேனுக்கு உரிமை கொடுக்கிறது. கேட்டது சட்டப்படிதான். ஆனால் எவ்வளவு கேட்டார்கள், ஏற்கெனவே கட்டிய தவணைகளைக் கழித்தார்களா என்று நீங்கள் கணக்கு கேட்டு வாங்கலாம். அவர் டிக்கெட்டின் பேரேட்டுப் பக்கத்தை நகல் கேளுங்கள்.

செல்வி, உங்கள் 17ஆம் எண் ஆறு மாதம் முடிந்த நிலையில் இன்னும் 14 தவணை கட்ட வேண்டும். கசர் கழிக்காமல் பார்த்தால் 70,000. பாக்கி 7,900 என்று மட்டும் பேரேடு காட்டினால் ஆபத்தின் அளவு தெரியாது. எடுத்தவர்களுக்கு மட்டும் "இனி வர வேண்டியது" என்று தனியாக ஒரு பத்தி போட்டு வையுங்கள்.

சேலம்_மாங்கனி

நகல் கேட்கலாம் என்பது எனக்குத் தெரியாது ஐயா. நாளைக்கே எழுதிக் கேட்கிறேன். கட்டிய தவணைகளைக் கழிக்கவில்லை என்றுதான் எனக்குச் சந்தேகம்.

மீனா_ஆடிட்

சென்னையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன், சில சீட்டு நிறுவனங்களின் கணக்கைப் பார்ப்பது உண்டு. செல்வி, தஞ்சை ஐயா சொன்ன இடத்தில்தான் பிழை இருக்கும். ஆனால் இந்தப் பிழை நுழைய இடம் கொடுத்தது பேரேட்டின் அமைப்பு.

பழைய பேரேடுகளில் ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும், அதில் "3,850" என்று எழுதி ஒரு டிக் அடிப்பார்கள். அந்த 3,850 என்பது கட்ட வேண்டிய தொகையா, கட்டிய தொகையா? இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒருவர் வேறு தொகை கட்டினால் அந்தக் கட்டத்துக்கு அதைக் காட்டத் தெரியாது. எழுதுகிறவர் கைப் பழக்கத்தில் எல்லோருக்கும் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அதனால் கணினியில் ஏற்றும்போது ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒவ்வொரு மாதமும் தவணை 5,000 என்று ஒரு பத்தி, கழித்த கசர் என்று ஒரு பத்தி, உண்மையில் வாங்கிய பணம் ரசீது எண்ணுடன் ஒரு பத்தி என்று பிரித்து எழுதுங்கள். 5,000 மாறவே கூடாது. கசர் எவ்வளவு என்பது ஏலக் கூட்டக் குறிப்பிலிருந்து வர வேண்டும். வாங்கிய பணம் ரசீதிலிருந்து மட்டும் வர வேண்டும், வேறு எதிலிருந்தும் கணக்கிட்டு எழுதக் கூடாது.

இன்னொன்று, பேரேடு மனிதர் பெயரில் இருக்கிறதா, டிக்கெட் எண் வாரியாக இருக்கிறதா? ஒருவரே இரண்டு டிக்கெட் போட்டு ஒன்றை மட்டும் எடுத்திருந்தால், அவர் பெயரில் ஒரே பக்கம் எழுதுவது பெரிய குழப்பம். ஒன்று எடுத்த சீட்டு, இன்னொன்று எடுக்காத சீட்டு.

கமிஷனுக்கு ஜிஎஸ்டி பிடிக்கிறீர்களா? 2022 ஜூலையிலிருந்து ஃபோர்மேன் கமிஷனுக்கு 12 சதவீதம் 18 ஆனது. 5,000க்கு 900. பிடித்திருந்தால் அதுவும் அரசுக்குக் கட்டும்வரை வங்கி இருப்பில் கலந்து நிற்கும், தஞ்சை ஐயாவின் சோதனையில் அதைத் தனியாகக் கழிக்க வேண்டும்.

குடந்தை_செல்வி

நன்றி மேடம். ஜிஎஸ்டி இல்லை, எங்கள் மொத்தக் கமிஷன் வருமானம் 20 லட்ச வரம்புக்கு வெகு கீழே. பேரேடு டிக்கெட் எண் வாரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னபடியே மாதத்துக்கு ஒரு கட்டம், ஒரு டிக்.

பின்னலாடை

ஒரு சந்தேகம். கமிஷன் அதிகபட்சம் 5 சதவீதம்தானே? பக்கத்துத் தெருவில் ஒரு கம்பெனி 7 சதவீதம் பிடிக்கிறது. அது தப்பு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மீனா_ஆடிட்

சொல்வதை நிறுத்திக்கொள்ளுங்கள் தம்பி. 5 என்பது பழைய வரம்பு. 2019 திருத்தச் சட்டத்தில் 7 ஆக்கிவிட்டார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் 5 என்று எழுதிப் பதிவு செய்த குரூப்பில் நடுவில் 7 எடுக்க முடியாது.

நீங்கள் 12 பேர் போடும் சீட்டு பதிவு செய்ததா என்று நான் கேட்கவில்லை. பதிவில்லாமல் நடத்துவது சட்டப்படி குற்றம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

குடந்தை_செல்வி

கிடைத்துவிட்டது!

14ஆம் எண் டிக்கெட். நான்காம் மாதத் தவணையை ஐந்தாம் மாதத்தில்தான் கட்டியிருக்கிறார். ரசீது அடிக்கட்டையில் 5,000 என்று தெளிவாக இருக்கிறது. பேரேட்டில் 3,850, பக்கத்தில் டிக். தஞ்சை ஐயா, தொகையை வைத்தே மாதத்தைச் சொல்லிவிட்டீர்கள். மிக்க நன்றி.

ஒப்பந்தத்தையும் எடுத்துப் படித்தேன். "உரிய தேதிக்குள் தவணை செலுத்தாத சந்தாதாரருக்கு அம்மாதத் தள்ளுபடிப் பங்கு இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அதனால்தான் முழு 5,000 வாங்கியிருக்கிறார்கள். சரிதான். ஆனால் அப்படி இழந்த 1,150 யாருக்குப் போகும் என்று எங்கேயும் எழுதவில்லை. முதலாளி, "அது நமக்குத்தான், அபராதம் மாதிரி" என்கிறார். வருமானக் கணக்கில் எழுதிவிடட்டுமா?

பின்னலாடை

அதெப்படி உங்களுக்கு? அந்த 23,000 சீட்டு எடுத்தவர் விட்டுக்கொடுத்த பணம், 20 பேருக்கும் பொது. ஒருவர் இழந்தால் மற்ற 19 பேருக்குத்தான் போக வேண்டும். எங்கள் சீட்டில் தாமதமானால் கசர் இல்லை, அந்தத் தொகையை அடுத்த மாதக் கசரில் சேர்த்து விடுவோம்.

தஞ்சை_ஃபோர்மேன்

நான் இருந்த இடத்தில் ஃபோர்மேனுக்குத்தான் எடுத்தோம். அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது தம்பி. தேதிக்குப் பணம் வராவிட்டாலும் சீட்டு எடுத்தவருக்கு ஃபோர்மேன் முழுத் தொகையைக் கொடுத்தாக வேண்டும். அந்த மாதம் 14ஆம் எண் கட்டாத 3,850ஐ நிறுவனம் தன் கையிலிருந்து போட்டுத்தான் கொடுத்திருக்கும். மற்ற 19 பேருக்கு எந்த நஷ்டமும் இல்லை. சுமையைத் தாங்கியவர் ஃபோர்மேன், அதனால் தொகையும் அவருக்கு. ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் அதை வெளிப்படையாக எழுதியிருந்தோம்.

மீனா_ஆடிட்

எழுதியிருந்தால் பேச்சில்லை ஐயா. இங்கே எழுதவில்லை. தவணை தவறினால் என்ன வட்டி, என்ன அபராதம் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய விஷயம். கசர் கிடையாது என்று மட்டும் சொல்லிவிட்டு, அது யாருக்கு என்று சொல்லாதபோது ஃபோர்மேன் தனக்கு எடுத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபோர்மேனுக்கு ஊதியம் கமிஷன்தான்.

செல்வி, இப்போதைக்கு வருமானத்தில் எழுதாதீர்கள். "நிறுத்தி வைத்த கசர்" என்று குரூப்பிலேயே ஒரு தனித் தலைப்பு போட்டு அதில் 1,150ஐ வையுங்கள். முதலாளி வக்கீலைக் கேட்டு முடிவு செய்யட்டும்.

ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 14ஆம் எண்ணுக்குத் தாமதத்துக்காகக் கசர் கொடுக்கவில்லை. 17ஆம் எண் ஐந்தாம் மாதத் தவணை இன்னும் கட்டவில்லை, தேதி தாண்டி ஒரு மாதம் ஆகப் போகிறது. அவருக்கு மட்டும் பாக்கி 3,900 என்று எப்படி எழுதியிருக்கிறீர்கள்?

குடந்தை_செல்வி

அய்யோ, ஆமாம். அவருக்கும் 5,000 என்றுதான் இருக்க வேண்டும். இந்த மாதத்துக்கு இன்னும் 20ஆம் தேதி வரவில்லை, அதனால் அது 4,000தான். ஆக அவர் பாக்கி 7,900 இல்லை, 9,000.

மீனா_ஆடிட்

சரி, இப்போது சோதனையைத் திரும்பப் போடுங்கள். 17ஆம் எண் 9,000, 9ஆம் எண் 4,000, பாக்கி மொத்தம் 13,000. வங்கியில் 8,250. கூட்டினால் 21,250. மறுபக்கம் இன்னும் கழிக்காத கசர் 19,000, நிறுத்தி வைத்ததில் 14ஆம் எண்ணின் 1,150, 17ஆம் எண்ணின் 1,100. கூட்டினால் அதே 21,250.

இப்போதுதான் இந்தக் குரூப் உண்மையில் ஒத்துவந்திருக்கிறது. முன்பு பேரேடு 19,000 என்று ஒழுங்காகக் காட்டியதே, அது ரசீதில் இருந்ததை எழுதாமல் விட்டதால் கிடைத்த ஒழுங்கு.

வயலூரான்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் திருச்சி, ஒரு நிறுவனத்துக்கு எக்ஸெல் தாள் போட்டுக் கொடுத்தேன். கசர் கொடுக்கலாமா வேண்டாமா என்பதைக் கையால் முடிவு செய்தால் ஆளுக்கு ஆள் மாறும், தெரிந்தவர் என்றால் விட்டுக்கொடுப்பார்கள். தேதியை வைத்துத் தாளே முடிவு செய்யட்டும். D பத்தியில் கடைசித் தேதி, E பத்தியில் பணம் வந்த தேதி, F பத்தியில் அந்த மாதம் கழிய வேண்டிய கசர் என்று வையுங்கள்.

```
G5:  =IF(IF(E5="",TODAY(),E5)<=D5,F5,0)
H5:  =5000-G5
I5:  =F5-G5
```

G கொடுத்த கசர், H கட்ட வேண்டியது, I நிறுத்தி வைத்தது. பணம் இன்னும் வராவிட்டால் இன்றைய தேதியை வைத்துப் பார்க்கும். அதனால் 21ஆம் தேதி காலையில் தாளைத் திறந்தால் கட்டாதவர்களின் பாக்கி தானாக 5,000 ஆகிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, E பத்தியில் தேதி உண்மையான தேதியாக இருக்க வேண்டும். "18.6" என்று எழுத்தாக அடித்தால் ஒப்பீடு கோணலாகிவிடும். இரண்டு, பைசா. 26,750 தள்ளினால் 5,000 போக 21,750, 20ஆல் வகுத்தால் 1,087.50. ரூபாய்க்கு முழுமையாக்கி 1,087 கொடுத்தால் 10 ரூபாய் நிற்கும். பல மாதம் சேர்ந்தால் சோதனை ஒத்துவராது, எங்கே என்று தேடி அலைவீர்கள். அந்த 10ஐ அடுத்த மாதம் பிரிக்கும் தொகையில் சேர்த்துவிடுங்கள், இல்லை என்றால் ஏலத்தில் 100 ரூபாய் மடங்கில் மட்டும் கேட்க வைக்கலாம். 100ஐ 20ஆல் வகுத்தால் 5, மிச்சமே வராது.

தஞ்சை_ஃபோர்மேன்

தாள் நன்றாக இருக்கிறது. ஆனால் தேதியை மட்டும் பார்த்துக் கசரை வெட்டுவது எனக்குச் சங்கடம். 20ஆம் தேதி ஞாயிறாக இருந்தால்? காசோலை 19ஆம் தேதி கொடுத்து 22ஆம் தேதி வரவானால்? நேரில் பார்த்து முடிவெடுக்க ஒரு ஆள் வேண்டும்.

மீனா_ஆடிட்

ஆள் முடிவெடுக்கட்டும் ஐயா, ஆனால் முடிவெடுத்த காரணம் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். காசோலை என்றால் கொடுத்த தேதியா வரவான தேதியா என்று ஒன்றை எல்லோருக்கும் பொதுவாக வைக்க வேண்டும். 14க்கு ஒரு நியாயம், 17க்கு ஒரு நியாயம் என்று ஆனது அது எழுதப்படாததால்தான்.

வயலூரான்

ஏலம் முடிந்து கூட்டக் குறிப்பின் நகலைப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்புகிறோம் இல்லையா, 21 நாளுக்குள்? அதோடு சேர்த்து ஒரு வேலை செய்யலாம். அந்த மாத வரிசையில் G, H, I மூன்றையும் சூத்திரம் இல்லாமல் வெறும் எண்ணாக ஒட்டிப் பூட்டிவிடுங்கள். அதற்கு மேல் திருத்த வேண்டும் என்றால் புதிய வரி எழுதித்தான் திருத்த வேண்டும். இன்னும் கட்டாதவர்களின் வரிசையை மட்டும் பூட்ட வேண்டாம்.

குடந்தை_செல்வி

சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன், 17ஆம் எண் தானாகவே 9,000 காட்டுகிறது. கூட்டக் குறிப்புகளையும் எடுத்துத் தள்ளுத் தொகைகளைச் சரிபார்த்தேன், ஐந்து ஏலமும் பேரேட்டோடு ஒத்திருக்கிறது.

இன்னொன்று கேட்டுவிடுகிறேன். 9ஆம் எண் இன்று 2,500 கட்டிவிட்டு, மீதியை 25ஆம் தேதி தருகிறேன் என்கிறார். இவருக்கு இந்த மாதக் கசர் 1,000 உண்டா இல்லையா? உண்டு என்றால் இன்னும் 1,500. இல்லை என்றால் 2,500. தாளில் பணம் வந்த தேதிக்கு ஒரே கட்டம்தான் இருக்கிறது.

வயலூரான்

ரசீதுகளை வேறு தாளில் வரிசையாக எழுதுங்கள்: தேதி, டிக்கெட், எந்த மாதத்துக்கு, தொகை. E பத்தியில் முழுத் தொகையும் வந்து முடிந்த தேதியை மட்டும் போடுங்கள். அப்போது இவருக்குக் கசர் கிடைக்காது, பாக்கி 2,500.

பின்னலாடை

பாதிக்கு மேல் தேதிக்குள் கட்டிவிட்டார், அவருக்குப் பாதிக் கசராவது கொடுக்கலாமே. நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

மீனா_ஆடிட்

ஒப்பந்தத்தில் "தவணை செலுத்தாத" என்று இருக்கிறது. ஒரு பகுதி செலுத்தியவரை அது குறிக்கிறதா என்று கேட்டால் இரு பக்கமும் வாதிடலாம். செல்வி, நாளை மறுநாள் 20. இதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், முதலாளி எழுத்தில் கொடுக்கட்டும். அவர் எதை முடிவு செய்தாலும் 14ஆம் எண்காரருக்கும் அதே விதி பொருந்துமா என்று கேளுங்கள். அவரும் நான்காம் மாதம் தேதிக்குள் ஏதாவது பகுதி கட்டியிருந்தாரா என்று அந்த ரசீதுப் புத்தகத்தில் பார்த்தீர்களா?

குடந்தை_செல்வி

பார்த்தேன் மேடம். ஒரே ரசீது, ஒரே தொகை, 5,000. பகுதி எதுவும் இல்லை. 9ஆம் எண் விஷயத்தை முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். 1,150ஐ நீங்கள் சொன்னபடி தனித் தலைப்பில் வைத்திருக்கிறேன், அவர் இன்னும் நமக்குத்தான் என்கிறார்.